பாட்டில் வரும் சொல் பேச்சில் ஏன் வருவதில்லை?

பேச்சு வராத குழந்தைகளின் பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. "ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான். ஆனா பாட்டைப் பாதியில நிறுத்தினா, மிச்சத்தை அவனே முடிச்சிடறான்." அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: பாட்டில் வாய் வருகிறதே, அப்படியானால் பாட்டை வைத்தே பேச வைத்துவிட முடியாதா?

இசை சிகிச்சை இந்த இடத்தில்தான் நுழைகிறது. முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவில் எங்கோதான் பதில் இருக்கிறது. எங்கே என்று தெரிய, முதலில் பாட்டில் வரும் சொல்லும் பேச்சில் வரும் சொல்லும் ஒன்றல்ல என்பது பிடிபட வேண்டும்.

பழகிய பாட்டில் ஒவ்வொரு சொல்லையும் அதற்கு முந்தைய சொல் இழுத்துக்கொண்டு வருகிறது. மெட்டு வரப்போவதைச் சொல்லிவிடுகிறது, தாளம் எப்போது வர வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. குழந்தை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. "தண்ணி" என்று கேட்பது அப்படியில்லை. தாகம் எடுக்கிறது என்று உணர வேண்டும், அதை இன்னொருவரிடம் சொல்லலாம் என்று தோன்ற வேண்டும், நூறு சொற்களில் இருந்து சரியான ஒன்றை எடுக்க வேண்டும், அதற்கான நாக்கு, உதடு, மூச்சு அசைவுகளை வரிசைப்படுத்த வேண்டும். அப்புறம் எதிரே இருப்பவரைப் பார்த்து அதை வெளியே விட வேண்டும். பாட்டின் கடைசிச் சொல்லை முடிக்கிற குழந்தைக்கு இந்தப் படிகளில் ஒன்றோ இரண்டோதான் கைவந்திருக்கிறது என்று அர்த்தம். பெற்றோர் நினைப்பதுபோல முழுப் பேச்சும் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கவில்லை.

ஆனாலும் அந்த ஒன்றிரண்டு படிகள் அற்பமல்ல. ஒலியை வாயால் உருவாக்க முடிகிறது, சரியான நேரத்தில் விட முடிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியுமா என்று பார்ப்பதுதான் சிகிச்சை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை சிகிச்சை என்றால் இனிமையான பாட்டைப் போட்டுக் கேட்க வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பேசப்போவதில் குழந்தை சும்மா உட்கார்ந்து கேட்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது தட்டுகிறது, ஊதுகிறது, கத்துகிறது, காத்திருக்கிறது, பதில் தருகிறது. சிகிச்சையாளர் குழந்தை செய்வதைப் பார்த்து அந்தக் கணத்தில் இசையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் பிரிட்டனைச் சேர்ந்த சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959-இல் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியபோதே அடிப்படை இதுதான்: குழந்தை அழுதால் அந்த அழுகையின் சுருதியிலேயே பியானோ வாசிப்பது, மேளத்தை ஒழுங்கில்லாமல் அடித்தால் அந்த ஒழுங்கின்மையையே இசையாக்கித் திருப்பித் தருவது. தான் செய்ததற்கு உலகம் பதில் சொல்கிறது என்று குழந்தை கண்டுகொள்ள வேண்டும்.

இரண்டு சுரம், இரண்டு மேளம்

பேச்சுக்கென்றே குறிவைத்து உருவாக்கிய முறைகளில் படிகள் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்கலாம். ஆடிட்டரி-மோட்டார் மேப்பிங் டிரெய்னிங் என்று பெயர். காதில் கேட்பதையும் கை, வாய் அசைவையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் பயிற்சி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கேத்தரின் வான், காட்ஃப்ரீட் ஷ்லாக் ஆகியோரின் குழு, ஆட்டிசம் உள்ள, பேச்சே வராத குழந்தைகளுக்காக இதை வடிவமைத்து 2011-இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. இதற்கு மூத்த அண்ணன் ஒன்று உண்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர்களுக்காக 1970-களில் வந்த மெலடிக் இன்டொனேஷன் தெரபி. பேச முடியாத சில நோயாளிகளால் பாட முடிகிறது என்ற அதே கவனிப்பில் இருந்துதான் அதுவும் பிறந்தது.

முறைக்குத் தேவையான பொருள்கள் மிகக் கொஞ்சம். இரண்டு வெவ்வேறு சுருதியில் ஒலிக்கும் மேளங்கள், படங்கள், ஒரு மேசை. இரண்டே சுரங்கள்தான். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லின் ஒரு அசைக்கு ஒரு சுரம், அடுத்த அசைக்கு அடுத்த சுரம். சொல்லும்போதே அந்தந்த மேளத்தைக் கை தட்டுகிறது. வேகம் ஏறத்தாழ நொடிக்கு ஓர் அசை. பாட்டு என்று சொல்லக்கூட முடியாது. நீட்டி இழுத்துச் சொல்லும் பேச்சு என்று சொல்வதே பொருத்தம்.

இவ்வளவு மொட்டையாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மெட்டு அழகாக இருந்தால் குழந்தை மெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். நீட்டிச் சொல்வதால் உயிரொலி நீள்கிறது, அசைக்கும் அசைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது, வாய் எங்கே மூடுகிறது எங்கே திறக்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. கை தட்டுவது சும்மா உற்சாகத்துக்கு அல்ல. கையின் அசைவையும் வாயின் அசைவையும் திட்டமிடும் மூளைப் பகுதிகள் நெருங்கியவை, ஒன்றைத் தூண்டினால் மற்றதும் தூண்டப்படும் என்பது இதை உருவாக்கியவர்களின் எண்ணம். அது இன்னும் கருதுகோள்தான். ஆனால் கை தட்டும் கணம், வாய் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளமாவது கண்கூடாகத் தெரிவது. பேச்சு வராத பல குழந்தைகளுக்குத் தொடங்குவதுதான் பெரும்பாடு.

யாருக்கு இது பொருந்தும் என்பதிலும் வரையறை இருந்தது. முதல் ஆய்வில் சேர்த்துக்கொண்ட குழந்தைகள் குறைந்தது இரண்டு பேச்சொலிகளையாவது எழுப்பக்கூடியவர்கள், மேசை முன் 15 நிமிடமாவது உட்காரக்கூடியவர்கள், ஒற்றைக் கட்டளையைப் புரிந்து செய்யக்கூடியவர்கள், கைதட்டுவது, வாய் திறப்பது போன்றவற்றைப் பார்த்துச் செய்யக்கூடியவர்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் முதலில் அதற்குத்தான் வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் காது கேட்கிறதா என்ற பரிசோதனை. சாதாரண விஷயம் போலத் தெரியும். ஆட்டிசம் என்று முடிவு கட்டிய பிறகு காதுப் பரிசோதனையை மறந்துவிடுவது நடக்கிற தவறுதான்.

மாறனின் "பந்து"

படிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். மாறன் என்று வைத்துக்கொள்வோம், வயது 6. "ம", "ப", "ஆ" மூன்றும் வருகின்றன. சொல் எதுவும் இல்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவான்.

தட்டத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு அசைச் சொற்கள் 30 தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மா, பந்து, தண்ணி, வேணும், போதும் என்று அவன் அன்றாடத்துக்குப் பயன்படக்கூடியவை. அதில் 15 மட்டும் பயிற்சிக்கு. மீதி 15-ஐ யாரும் சொல்லித்தரப் போவதில்லை, சோதிக்க மட்டும். எல்லாச் சொற்களையும் பயிற்சி தொடங்கும் முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட நாள்களில் சோதித்துக் குறித்துவைக்கிறார்கள். ஒரே நாள் என்றால் அன்று அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாம். அந்த மோசமான நாளோடு ஒப்பிட்டால் பிறகு எல்லாமே முன்னேற்றமாகத்தான் தெரியும்.

சரி, பயிற்சி. பந்தின் படத்தைக் காட்டி, சிகிச்சையாளர் "பன்...து..." என்று இரண்டு சுரத்தில் இழுத்துச் சொல்லிக்கொண்டே இரண்டு மேளத்தையும் தட்டுகிறார். மாறன் கேட்க மட்டும் செய்கிறான். அடுத்தது, அவன் கையைப் பிடித்துத் தட்டவைத்தபடி இருவரும் சேர்ந்து சொல்வது. மூன்றாவது படியில் சேர்ந்து தொடங்கி, முதல் அசைக்குப் பிறகு சிகிச்சையாளர் குரலை விட்டுவிடுகிறார். இரண்டாவது அசை அவன் பொறுப்பு. நான்காவதில் சிகிச்சையாளர் முழுதாகச் சொல்லி முடித்த பிறகு அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்தாவதில் படம் மட்டும்தான். உதவிக் குரல் கிடையாது.

முதல் வாரங்களில் இரண்டாவது படியில் "பா...ஆ" என்று வரும். மூன்றாவது படியில் சிகிச்சையாளர் குரல் நின்ற நொடியில் அவனும் நிற்பான். அதைத் தோல்வியாக யாரும் எழுதுவதில்லை. எந்தப் படியில் நிற்கிறான் என்பதே தகவல். அவனுடைய வாய் தானாக ஓடவில்லை, இன்னொரு குரலின் மேல் ஏறி ஓடுகிறது என்று அது சொல்கிறது. அப்போது சிகிச்சையாளர் குரலைச் சட்டென்று நிறுத்தாமல், இரண்டாவது அசையில் ஒலியில்லாமல் வாயை மட்டும் அசைப்பார். அதற்கடுத்த வாரம் வாயசைவும் பாதியில் நிற்கும்.

ஒரு நாள் "பா...ஊ" வருகிறது. இதற்கு மதிப்பெண் எப்படி? சரி, தவறு என்று இரண்டே பெட்டி இருந்தால் இது தவறுதான், அப்படியே இரண்டு மாதம் பூச்சியமாக ஓடும். அதனால் அசை அசையாகப் பார்த்து, "ஏறத்தாழ சரி" என்று ஒரு வகையும் வைத்திருக்கிறார்கள். மாறன் இரண்டாவது அசையின் உயிரொலியைப் பிடித்துவிட்டான், மெய் இன்னும் வரவில்லை. பிறகு "பாது" வரும்போது இன்னொரு படி. காதால் கேட்டு "முன்னைவிடத் தெளிவா இருக்கு" என்று சொல்வது நம்பத்தக்கதல்ல. வாரக்கணக்கில் கேட்டுப் பழகிய காது எதையும் புரிந்துகொள்ளும். அதனால் ஒலிப்பதிவை, எந்த வாரத்துப் பதிவு என்று தெரியாத இன்னொருவர் கேட்டு மதிப்பிடுவது நல்லது.

2011 ஆய்வில் 6 குழந்தைகளுக்கு வாரம் 5 நாள், 8 வாரம், ஆக 40 அமர்வுகள் நடந்தன. ஒவ்வொன்றும் 45 நிமிடம். எல்லோரும் முன்னேறினார்கள். பயிற்சி தராத சொற்களிலும் முன்னேற்றம் தெரிந்தது, அந்த ஆய்வில் என் கண்ணில் பட்ட முக்கியமான வரி அதுதான். ஆனால் 6 பேர்தான், ஒப்பிட வேறு குழு கிடையாது. நாள்தோறும் 45 நிமிடம் ஒருவர் தனியாக உட்கார்ந்து கவனித்தாலே குழந்தை முன்னேறியிருக்குமோ என்ற கேள்வி நிற்கிறது. 2016-இல் அதே வட்டத்தைச் சேர்ந்த கேரன் செனாஸ்கியும் சகாக்களும் இதற்குப் பதில் தேடினார்கள். அதே சொற்கள், அதே படிகள், ஆனால் சுரமும் மேளமும் இல்லாத பேச்சுப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். இசை சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் அசைகளை ஏறத்தாழ சரியாகச் சொல்வதில் முந்தினார்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் 7 பேர் மட்டுமே. நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சாரம் எப்போது அவிழ்கிறது

மாறனின் கதை ஐந்தாவது படியோடு முடிந்தால் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். அவன் இப்போது படத்தைப் பார்த்து "பன்...து" என்று இரண்டு சுரத்தில் இழுத்துச் சொல்கிறான், கை மேளத்தைத் தேடுகிறது. மேளத்தை எடுத்துவிட்டால் வாயும் நின்றுவிடுகிறது. கட்டடம் எழும்பும்போது கட்டிய சாரம், கட்டடத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு நின்றுவிட்ட நிலை இது. இசை சிகிச்சையில் அதிகம் நடக்கிற, அதிகம் பேசப்படாத கோளாறு என்று நான் நினைப்பது இதைத்தான்.

சாரத்தை அவிழ்ப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் மேளத்தை எடுத்துவிட்டு மேசையைத் தட்டவைப்பது, பிறகு தொடையில் தட்டுவது, பிறகு விரல் அசைவு. சுரத்தைப் பொறுத்தவரை இரண்டு சுரத்துக்கு நடுவே உள்ள தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து சாதாரணப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குக் கொண்டுவருவது. வேகம் கடைசியில். இவற்றில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மேளத்தையும் எடுத்து வேகத்தையும் கூட்டினால், குழந்தை நின்றுவிடும்போது எதனால் நின்றது என்று தெரியாது.

அதோடு சொல்லுக்கு வேலை கொடுக்க வேண்டும். படத்தைப் பார்த்து "பந்து" என்பது பெயர் சொல்வது. அலமாரி மேல் இருக்கும் பந்தைக் கேட்பது வேறு. அதனால் பயிற்சியின் நடுவிலேயே நிஜப் பந்தை எட்டாத உயரத்தில் வைத்து, சிகிச்சையாளர் ஒன்றும் பேசாமல் அவனைப் பார்த்தபடி காத்திருப்பார். ஐந்து நொடி, பத்து நொடி. அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் பெரியவர்களுக்குக் கடினம். மூன்றாவது நொடியில் "பந்து வேணுமா? பந்து சொல்லு, பந்து" என்று ஆரம்பித்துவிடுவோம். குழந்தை வாயைத் திறக்கப்போன நேரத்தில் நம் குரல் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களும் தங்கள் வீடியோவைப் பார்க்கும்போதுதான் தாங்கள் எவ்வளவு சீக்கிரம் குறுக்கிடுகிறோம் என்று கண்டுகொள்கிறார்கள்.

சொல் உண்மையில் கைவந்ததா என்று தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டியவை சில. மேளம் இல்லாமல் வருகிறதா? சிகிச்சையாளர் அல்லாத ஒருவரிடம் வருகிறதா? வேறு அறையில்? படத்தில் உள்ள சிவப்புப் பந்துக்கு மட்டுமா, தெருவில் உருண்டுபோகும் பழைய பந்துக்குமா? யாரும் கேட்காதபோது தானாக? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆம்" கிடைக்கும்போது அது பாட்டுச் சொல் இல்லை, பேச்சுச் சொல்.

இன்னொரு கோளாறு சத்தம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்குச் சில ஒலிகள் வலி போலப் படும். ஜால்ரா, விசில், திடீரென்று ஓங்கும் மேளம் இவையெல்லாம் ஆபத்தானவை. காதைப் பொத்திக்கொண்டால் எல்லோருக்கும் புரிந்துவிடும். புரியாத அடையாளங்களும் உண்டு: முகம் இறுகுவது, கை அசைவு வேகமாவது, ஒரே சொல்லை முணுமுணுப்பது, அல்லது திடீரென்று மிக அமைதியாகிவிடுவது. அந்த அமைதியைப் "பாட்டுக்கு மயங்கிட்டான்" என்று படித்துவிடுவது எளிது. மெல்லிய ஒலியில் தொடங்கி, நிறுத்துவதற்கு ஒரு சைகையை முதல் நாளிலேயே குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். "போதும்" என்ற சொல்லைப் பட்டியலின் தொடக்கத்திலேயே சேர்ப்பதற்கும் இதுவே காரணம்.

பட அட்டை, பேசும் கருவி, சைகை இவற்றில் எதையாவது குழந்தை ஏற்கெனவே பயன்படுத்தினால், இசை சிகிச்சை தொடங்கியதும் அதை நிறுத்திவிடக் கூடாது. அதைப் பிடுங்கினால் பேச்சு வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. மாறன் பட அட்டையைக் காட்டிக்கொண்டே "பாது" என்றால் அது இரட்டை லாபம். பேச்சுப் பயிற்சியாளரும் இசை சிகிச்சையாளரும் ஒரே சொற்பட்டியலை வைத்து வேலை செய்வதும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு பேரும் தனித்தனியாக இரண்டு பட்டியல் வைத்திருந்தால் குழந்தைதான் அலைக்கழியும்.

அறைக்குள் நடப்பதும் வெளியே நடப்பதும்

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும்.

2008-இல் ஜின்னா கிம், டோனி விக்ரம், கிறிஸ்டியன் கோல்ட் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகள் ஒரு கட்டத்தில் இசை அமர்வுகளிலும் இன்னொரு கட்டத்தில் பொம்மை விளையாட்டு அமர்வுகளிலும் கலந்துகொண்டார்கள். அதே குழந்தைகள், அதே அளவு நேரம். இசை அமர்வுகளில் கண்ணைப் பார்ப்பது நீண்டது, மாறி மாறிச் செய்வது நீண்டது. ஒரு பொருளை இருவரும் சேர்ந்து கவனிப்பதும் மேம்பட்டது. ஆய்வை முடித்தவர்கள் 10 பேர்தான் என்றாலும் இசை அறைக்குள் குழந்தை வேறு மாதிரி இருக்கிறது என்று சிகிச்சையாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கு இது பொருந்தியது.

பிறகு 9 நாடுகளில் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடந்து 2017-இல் வெளிவந்தது. 4 முதல் 7 வயது வரையிலான 364 குழந்தைகள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பும் பெற்றோருக்கு ஆலோசனையும், மீதிப் பேருக்கு அவற்றோடு 5 மாதம் இசை சிகிச்சையும் கிடைத்தன. சிலருக்கு வாரம் ஒன்று, சிலருக்கு வாரம் மூன்று. முடிவில், யார் எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் சமூகத் தொடர்பு சார்ந்த அறிகுறிகளை அளந்தார்கள். இரு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதைப் படித்து "இசை சிகிச்சை பொய்" என்று எழுதியவர்களும் உண்டு, "அளவுகோல்தான் தவறு" என்று தள்ளியவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் அவசரமாகப் படுகிறது. முதல் ஆய்வு அளந்தது இசை நடக்கும்போது குழந்தை செய்வதை. இரண்டாவது அளந்தது இசையே இல்லாத இடத்தில், முன்பின் தெரியாதவரிடம் குழந்தை செய்வதை. மேளம் இருந்தால் வருகிற மாறனின் "பந்து" மேளம் இல்லாவிட்டால் நின்றுபோகிறதே, அதே இடைவெளிதான் இங்கேயும் தெரிகிறது. அதோடு, 2017 ஆய்வில் பயன்பட்டது குழந்தையின் போக்கில் சேர்ந்து வாசிக்கும் முறை. சொல்லைக் குறிவைக்கும் மேளப் பயிற்சி அல்ல. ஒன்றின் முடிவை மற்றதற்குப் போட்டுப் பார்க்க முடியாது, சாதகமாகவும் சரி, பாதகமாகவும் சரி.

2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 1165 பேரையும் சேர்த்துத் தொகுத்தது. இசை சிகிச்சை பெற்றவர்களிடம் ஒட்டுமொத்த முன்னேற்றமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றும், பேச்சு, பேச்சில்லாத தொடர்பு, பழகுதல் ஆகியவற்றில் தெளிவான வேறுபாடு காட்ட முடியவில்லை என்றும் அது சொல்கிறது. பேச்சுக்காக மட்டும் இசை சிகிச்சையைத் தேடி வருகிற பெற்றோர் இந்த இரண்டாவது பாதியைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

கவனம் நிற்காத குழந்தை

பேச்சுக்கு மட்டுமல்ல, கவனக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் இசை சிகிச்சை தருகிறார்கள். அங்கே ஆதாரம் இன்னும் மெலிசு. ஆனால் முறை சுவாரசியமானது. மைக்கேல் தாவ்ட் வழிவந்த நரம்பியல் இசை சிகிச்சையில் கவனத்தை வகை பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி வைக்கிறார்கள். ஒரே விஷயத்தில் நீடித்து நிற்பது ஒரு வகை. பல ஒலிகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது இன்னொன்று. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவது வேறொன்று.

நீடித்து நிற்பதற்கான பயிற்சி இப்படி இருக்கும்: சிகிச்சையாளர் வாசித்துக்கொண்டிருக்கும்வரை குழந்தையும் மேளம் தட்ட வேண்டும், அவர் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் அரை நிமிடம். பிறகு நிறுத்தம் எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி மாற்றுவார்கள். ஒலிகளுக்கு நடுவே ஒன்றைப் பிடிப்பதென்றால், பல கருவிகள் ஒலிக்க, மணிச் சத்தம் கேட்டால் மட்டும் தட்ட வேண்டும். கவனக் குறைபாடுள்ள குழந்தைகளில் பலருக்குச் சீரான தாளத்தோடு ஒட்டித் தட்டுவதே தடுமாற்றமாக இருக்கும். தாளம் அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவதால், எதிர்பார்த்துக் காத்திருப்பது கொஞ்சம் சுலபமாகிறது என்பது இதன் அடிப்படை.

தவறு வகைகளைப் பிரித்துக் குறிப்பது இங்கே பெரிய உதவி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போனால் அது அடக்க முடியாத துடுக்கு. தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல் விட்டால் கவனம் வேறெங்கோ போயிருக்கிறது. மொத்தத் தவறு 10 என்று எழுதிவைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் வகைக் குழந்தைக்கு நிறுத்தங்களைக் கூட்ட வேண்டும், இரண்டாவது வகைக்கு அமர்வைச் சுருக்கி ஒலியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மேளத்தில் ஐந்து நிமிடம் நிற்கிற குழந்தை கணக்குப் புத்தகத்தின் முன்னும் ஐந்து நிமிடம் உட்காரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் இங்கேயும் தாளத்தை மேசை வேலைக்குக் கொண்டுபோகிறார்கள். முதலில் தாளத்தோடு மணிகளைக் கோப்பது, பிறகு தாளம் பாதியில் நின்ற பின்னும் கோப்பதைத் தொடர்வது, பிறகு தாளமே இல்லாமல். மருத்துவர் தந்த மருந்தையோ நடத்தைப் பயிற்சியையோ இதை நம்பி விட்டுவிடுவதற்கு எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

வீட்டில் பின்னணியில் இசையை ஓடவிட்டால் கவனம் கூடும் என்பது வேறு கதை. அது 1993-இல் வந்த ஓர் ஆய்வில் இருந்து கிளம்பியது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் மொஸார்ட்டின் ஒரு சொனாட்டாவைப் 10 நிமிடம் கேட்ட பிறகு, வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் சோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆய்வில் குழந்தைகளே இல்லை, பேச்சும் இல்லை, கவனமும் இல்லை. அதேபோல, வடிகட்டிய இசையை ஹெட்போனில் கேட்க வைத்தே ஆட்டிசத்தைச் சரிசெய்வதாகச் சொல்லும் திட்டங்களுக்குத் தக்க ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1998-லேயே இதில் எச்சரித்தது. விலை உயர்ந்த ஹெட்போனைவிட, பெற்றோர் மேசையைத் தட்டிக்கொண்டு எதிரே உட்காரும் ஐந்து நிமிடத்தில் குழந்தைக்கு வேலை அதிகம்.

எவ்வளவு காலம் பார்ப்பது என்று பெற்றோர் கேட்பார்கள். சொல்லைக் குறிவைத்த பயிற்சி என்றால் 25 அமர்வுகளுக்குப் பிறகு பதிவுகளை எடுத்துவைத்துப் பார்க்கலாம். பயிற்சி தராத சொற்களிலும் அசைகள் கூடியிருந்தால் தொடரலாம். பயிற்சிச் சொற்களில் மட்டும் கூடியிருந்தால் குழந்தை சொற்களை மனப்பாடம் செய்திருக்கிறது. அப்போது சொற்களை மாற்றி, சாரம் அவிழ்க்கும் படிகளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டிலும் அசைவில்லை என்றால் இந்த முறையை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைப் பட அட்டைக்கும் பேசும் கருவிக்கும் கொடுப்பதே சரி. குழந்தைக்கு மேளம் பிடித்திருந்தால் அதை விளையாட்டாகத் தட்டட்டும், அதற்கு மதிப்பெண் போட வேண்டாம்.